மூன்றாவது எண்ணை விழுங்காதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். வாசித்து முடித்ததும் எம்மோடு சண்டை பிடிக்க நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.

திம்புள்ளப் பக்கம் பிக்கிள்போல் வந்ததில் எமக்கு சந்தோஷம்தான். பட்மின்டன் கோர்ட் ஒன்று இருந்தால் போதும், அதே 44 அடி நீளமும் 20 அடி அகலமும்தான் இதற்கும். வலையை இறக்கிக் கட்டி, வலையிலிருந்து இரு பக்கமும் 7 அடியில் ஒரு கோடு போட்டால் கோர்ட் தயார். தோட்டத்துப் பிள்ளைகளும், டவுன் கடைப் பிள்ளைகளும், பென்ஷன் எடுத்த பெரியவர்களும் ஒரே கோர்ட்டில் நிற்கக்கூடிய விளையாட்டுகள் எத்தனை எம்மிடம் உண்டு? அதனால்தான் இதைக் கெடுக்க வேண்டாம் என்று எழுதுகிறோம்.

கெடுப்பது யார்? நாம்தான். அடிக்கத் தெரியாமல் கெடுக்கவில்லை, எண்ணத் தெரியாமல் கெடுக்கிறோம். "அந்த மூன்று நம்பர் எல்லாம் எதுக்கு சேர், சும்மா பட்மின்டன் மாதிரி எண்ணுவோமே" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "சேர்விஸ் போட்டவனுக்கு மட்டும் புள்ளி என்றால் மெச் முடியவே முடியாது" என்று இன்னொரு கூட்டம். "கையைத் தூக்கி ஒன்று போட்டால் என்ன குறைந்துவிடும்" என்று மூன்றாவது கூட்டம். இந்த மூன்று முறைப்பாடுகளும் வேறு வேறு போலத் தெரியும். உண்மையில் மூன்றும் ஒரே விதியின் மூன்று முனைகள். ஒன்றை அறுத்தால் மற்ற இரண்டும் அவிழ்ந்துவிடும். அதைத்தான் விளக்கப்போகிறோம்.

முதலில் சேர்விஸ்.

டெனிஸில் சேர்விஸ் ஓர் ஆயுதம். பிக்கிள்போலில் அது ஆயுதமாக இருக்கக்கூடாது என்றுதான் விதியே எழுதியிருக்கிறார்கள். கையிலிருந்து விட்ட பந்தை அந்தரத்திலேயே அடிப்பதானால் மூன்று நிபந்தனைகள் உண்டு. கை கீழிருந்து மேலாக வீச வேண்டும். பந்தில் படும் நேரம் மட்டையின் தலை மணிக்கட்டுக்கு மேலே போகக்கூடாது. பந்தும் இடுப்புக்கு மேலே இருக்கக்கூடாது. அடித்த பந்து குறுக்காக எதிர்ப்பக்கக் கட்டத்தில் விழ வேண்டும். வலைக்குப் பக்கத்து 7 அடிக் கட்டத்தை, அதாவது 'கிச்சன்' என்கிற இடத்தை, அதன் கோட்டையும் சேர்த்துத் தாண்டி விழ வேண்டும். கோட்டில் பட்டாலும் சேர்விஸ் போச்சு.

இதோடு நிற்கவில்லை. சேர்விஸ் பந்தை எதிர்ப்பக்கம் ஒருமுறை தரையில் விழவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அவர்கள் திருப்பி அடிப்பதை சேர்விஸ் போட்ட பக்கமும் ஒருமுறை தரையில் விழவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இதன் விளைவைக் கவனியுங்கள். சேர்விஸ் வாங்கியவர் பந்தை ஆழமாகத் திருப்பிவிட்டு வலைக்கு ஓடிவரலாம். சேர்விஸ் போட்ட சோடியோ அந்தப் பந்து விழும்வரை பின்னாலேயே நிற்க வேண்டும். இந்த விளையாட்டில் வலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பலம். ஆகவே சேர்விஸ் போடுகிற சோடி ஒவ்வொரு ராலியையும் பலவீனமான இடத்திலிருந்து தொடங்குகிறது, வாங்குகிற சோடிக்கு ஆரம்பத்திலேயே ஒரு படி மேல்.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

சேர்விஸ் போடுகிறபோது மட்டும் புள்ளி கிடைக்கும் என்பதன் அர்த்தம் என்ன? பலவீனமான பக்கத்திலிருந்து வென்றால்தான் அது புள்ளி. வாங்குகிற பக்கத்தில் நின்று வென்றால் புள்ளி இல்லை, பந்துதான் கைக்கு வரும். "இப்போது நீயும் அந்தக் கஷ்டமான பக்கத்தில் நின்று காட்டு" என்று சொல்வது போல. சரி, பலவீனமான பக்கத்தில் நிற்பவருக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் கொடுத்தால் பந்து இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருக்கும், புள்ளி ஏறாது. அதனால்தான் இரட்டையரில் ஒரு சோடிக்கு இரண்டு பேரின் சேர்விஸும் கொடுக்கிறார்கள். முதலாமவர் தோற்றால் பந்து எதிர்ப்பக்கம் போகாது, கூட்டாளிக்குப் போகும். அவரும் தோற்றால்தான் 'சைட் அவுட்'. இப்போது அந்தச் சோடிக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அதைச் சொல்வதுதான் மூன்றாவது எண்.

ஆகவே சேர்விஸ் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் மூன்று எண்ணைச் சத்தமாகச் சொல்கிறார். முதலாவது தமது சோடியின் புள்ளி. இரண்டாவது எதிர்ச்சோடியின் புள்ளி. மூன்றாவது, இந்த முறையில் தான் முதலாவது ஆளா இரண்டாவது ஆளா என்பது. இதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் சேர்விஸ். சொல்லி முடித்ததிலிருந்து 10 செக்கனுக்குள் பந்தை அடிக்க வேண்டும்.

"சேர், மூன்றாவது நம்பர்தான் தலையைச் சுத்துது" என்கிறார்கள். ஒரு மெச்சை மெதுவாக நடத்திப் பார்ப்போம். ஒரு பக்கம் நானாவும் தம்பியும். மறுபக்கம் மாமாவும் மருமகனும். முதல் சேர்விஸ் நானா சோடிக்கு. நானா வலப்பக்கக் கட்டத்தில் நிற்கிறார்.

நானா சொல்ல வேண்டியது: "பூச்சியம், பூச்சியம், இரண்டு." ஆட்டத்தின் முதல் சேர்விஸ் இது, ஆனாலும் 'இரண்டு'. ஏன்? முதலில் சேர்விஸ் கிடைத்த சோடி இரண்டு வாய்ப்பையும் எடுத்தால், மற்றவர்கள் பந்தைத் தொடுவதற்கு முன்னரே நிறையப் புள்ளி ஏறிவிடலாம். அதனால் ஆட்டத்தின் முதல் முறையில் மட்டும் அந்தச் சோடிக்கு ஒரே ஒரு ஆளின் சேர்விஸ். 'இரண்டு' என்றால் "இவர் தோற்றால் பந்து போய்விடும்" என்பதுதான் பொருள்.

நானா சோடி வென்றது. நானாவும் தம்பியும் இடம் மாறுகிறார்கள், நானா இடப்பக்கம் போய்ச் சொல்கிறார்: "ஒன்று, பூச்சியம், இரண்டு." இந்த முறை தோற்றுவிட்டார்கள். சைட் அவுட். நானா சோடி நின்ற இடத்திலேயே நிற்கும்: நானா இடம், தம்பி வலம்.

மாமா சோடிக்குப் பந்து. புதிதாகப் பந்து கிடைக்கும்போதெல்லாம் வலப்பக்கம் நிற்பவர்தான் தொடங்க வேண்டும். மாமா வலத்தில் நிற்கிறார். "பூச்சியம், ஒன்று, ஒன்று." வென்றார், இடத்துக்கு மாறினார். "ஒன்று, ஒன்று, ஒன்று." வென்றார், மறுபடி வலம். "இரண்டு, ஒன்று, ஒன்று." தோற்றார். இப்போது சைட் அவுட் இல்லை. மருமகன் தான் நிற்கும் இடத்திலேயே, இடப்பக்கமாக, சேர்விஸ் எடுக்கிறார்: "இரண்டு, ஒன்று, இரண்டு." வென்றார். இருவரும் இடம் மாறி, மருமகன் வலத்திலிருந்து: "மூன்று, ஒன்று, இரண்டு." தோற்றார். சைட் அவுட்.

இங்கேதான் எமது ஊரில் சத்தம் தொடங்கும். பந்து நானா சோடிக்கு வந்துவிட்டது, அவர்களுக்கு ஒரு புள்ளி. யார் சேர்விஸ்? "நானாதானே முதல் ஆள், அவர் போடட்டும்" என்று வெளியில் நிற்பவர்கள் கத்துவார்கள். பிழை. வலப்பக்கம் நிற்பது தம்பி. ஆகவே தம்பிதான் தொடங்க வேண்டும்: "ஒன்று, மூன்று, ஒன்று." ஒன்று, இரண்டு என்பது ஆளுக்கு வைத்த பெயர் அல்ல. அது அந்த முறைக்கு மட்டும் கொடுக்கிற வரிசை. சைட் அவுட் ஆனதும் அழிந்துவிடும், அடுத்த முறை புதிதாகப் பிறக்கும். இந்த ஒரு வசனத்தை மனதில் வைத்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

இடம் சரியா என்று பார்க்கவும் ஒரு இலகுவான வழி உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் வலப்பக்கம் நின்றவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சோடியின் புள்ளி இரட்டை எண்ணாக இருந்தால் அவர் வலத்தில் இருக்க வேண்டும், ஒற்றையாக இருந்தால் இடத்தில். மேலே நானா சோடிக்கு 1, நானா இடத்தில் நின்றார். சரிதானே? பெரிய போட்டிகளில் தொடக்க ஆட்டக்காரருக்கு மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள். நாம் ஒரு ரிப்பன் துண்டு கட்டலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். புள்ளி மறந்து போனால், ஆட்கள் நிற்கும் இடத்தை வைத்து அது ஒற்றையா இரட்டையா என்றாவது பிடிக்கலாம். நான்கு பேரும் யோசித்தால் மிச்சமும் ஞாபகம் வரும். ஆனால் மூன்றாவது எண் மறந்து போனால் அதைக் கண்டுபிடிக்க கோர்ட்டில் எந்த அடையாளமும் கிடையாது. முதலாமவர் தோற்றுப் பந்து இரண்டாமவருக்குப் போகும்போது யாரும் இடம் மாறுவதில்லை. புள்ளியும் மாறுவதில்லை. வாயால் சொன்ன அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதைத்தான் எம்மவர்கள் "தேவையில்லாத நம்பர்" என்று விழுங்கிவிடுகிறார்கள்.

விழுங்கினால் என்ன நடக்கும் என்பதை அண்மையில் ஒரு பின்னேரம் நாம் கண்ணால் பார்த்தோம். ஒரு பக்கம் பத்தாம் வகுப்புப் படிக்கிற இரண்டு பிள்ளைகள். மறுபக்கம் வயதிலும் குரலிலும் பெரிய இரண்டு பேர். பெரியவர்களுக்கு 10, பிள்ளைகளுக்கு 9, சேர்விஸ் பிள்ளைகளுடையது. பனி இறங்கத் தொடங்கிவிட்டது, எல்லோருக்கும் அவசரம். ஆரம்பத்திலிருந்தே இரண்டு எண்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் பிள்ளை சேர்விஸ் போட்டு ராலியைத் தோற்றது. இரண்டாவது பிள்ளை பந்தை எடுக்கக் குனிந்தது. "ரெண்டு பேரும் போட்டாச்சு, சைட் அவுட்" என்றார் ஒரு பெரியவர். அந்தப் பிள்ளை கூட்டாளியின் முகத்தைப் பார்த்தது, எம்மையும் பார்த்தது, பிறகு ஒன்றும் பேசாமல் பந்தை வலைக்குக் கீழால் உருட்டிவிட்டது. அடுத்த ராலியோடு 11-9, ஆட்டம் முடிந்தது.

அந்தப் பெரியவர் பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருப்பார். எண்ணைச் சொல்லாத இடத்தில் எவரும் தமக்கு வசதியானதைத்தான் நினைப்பார்கள், மனிதர் சுபாவம் அது. ஆனால் முடிவு யார் பக்கம் போனது என்று பாருங்கள். வயது கூடியவர் பக்கம், குரல் கூடியவர் பக்கம். எமது பிள்ளைகளை "பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே" என்று வளர்த்திருக்கிறோம். நல்லதுதான். அப்படி வளர்ந்த பிள்ளை, முடிந்துபோன ஒன்றைப் பற்றி ஒரு மாமாவோடு வாதாடாது. ஆனால் அதே பிள்ளை, சேர்விஸுக்கு முன்னால் "ஒன்பது, பத்து, ஒன்று" என்று சொல்லும். அது எதிர்த்துப் பேசுவது அல்ல, விதி கேட்கிற கடமை. அதை நான்கு பேரும் கேட்டுவிட்டால் பிறகு எந்த மாமாவாலும் "ரெண்டு பேரும் போட்டாச்சு" என்று சொல்ல முடியாது. மூன்றாவது எண் பிள்ளையின் வாய்க்குக் கொடுத்த உரிமை. அதைத்தான் நாம் பறித்துக்கொண்டிருக்கிறோம்.

பிழையாகச் சொன்னால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. சேர்விஸ் போய், எதிர்ப்பக்கம் அதைத் திருப்பி அடிப்பதற்கு முன்னர் யாரும் நிறுத்தித் திருத்தலாம். திருப்பி அடித்துவிட்டால் ராலியை முடித்துவிட்டுத்தான் பேச்சு. அதாவது சந்தேகத்தை எழுப்ப ஒரு நேரம், அடக்கிக்கொள்ள ஒரு நேரம். சத்தமாகச் சொல்லாதவர்கள் மத்தியில் இந்த விதியும் செத்துப்போகிறது. சொல்லாத எண்ணை எப்படித் திருத்துவது?

இனி, "பட்மின்டன் மாதிரி எண்ணுவோம்" என்பவர்களுக்கு.

நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களைக் கேளுங்கள், பட்மின்டனே ஒரு காலத்தில் இப்படித்தான் எண்ணப்பட்டது. சேர்விஸ் போடும் பக்கத்துக்கு மட்டும் புள்ளி, இரட்டையரில் இரண்டு பேருக்கும் சேர்விஸ், ஆட்டத்தின் முதல் முறையில் மட்டும் ஒரே ஆள். 1965 இல் அமெரிக்காவின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்ட் வீட்டுப் பழைய பட்மின்டன் கோர்ட்டில் இந்த விளையாட்டு பிறந்தது. அதனால் கோர்ட்டின் அளவோடு எண்ணும் முறையும் அங்கிருந்தே வந்து ஒட்டிக்கொண்டது. பட்மின்டன் 2006 இல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி, 21 இல் ஆட்டம் என்று மாறியது. எமது கரப்பந்தும் முன்னர் சேர்விஸ் பக்கத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்த விளையாட்டுத்தான். 1998 இல் சர்வதேச சம்மேளனம் 25 புள்ளி முறைக்குத் தீர்மானித்தது. "அவர்களே விட்டுவிட்டார்கள், நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்" என்பது நியாயமான கேள்வி.

அவர்கள் விட்டதற்குப் பெரிய காரணம் நேரம். எப்போது முடியும் என்று தெரியாத மெச்சைத் தொலைக்காட்சி விரும்பாது. பிக்கிள்போலிலும் 2021 இல் அமெரிக்காவில் தொடங்கிய மேஜர் லீக் இதே காரணத்துக்காகத்தான் ராலிக்கு ராலி புள்ளி என்று ஆடத் தொடங்கியது. எமது கோர்ட்டுக்குத் தொலைக்காட்சி வரப்போவதில்லை. வருவது புதிதாக மட்டை பிடிக்கும் பிள்ளைகளும் பெண்களும். அவர்கள் அதிகமாகத் தவறவிடுவது எதை? சேர்விஸை. பயத்தில் பந்து வலையில் போய் முட்டும். சேர்விஸுக்கு மட்டும் புள்ளி என்றால் அந்தத் தவறால் போவது ஒரு வாய்ப்பு, எதிர்ப்பக்கப் புள்ளி அசையாது. ராலிக்கு ராலி என்றால் அந்தத் தவறே எதிராளிக்கு ஒரு புள்ளி. 10-9 இல் எதிராளி முன்னால் நிற்க, பழக்கமில்லாத ஒருவர் சேர்விஸ் போடுகிறார் என்று வையுங்கள். பழைய முறையில் பந்து கையில் இருக்கும்வரை அவர்களால் ஆட்டத்தைத் தோற்க முடியாது. புதிய முறையில், கூட்டாளி பந்தைத் தொடாமலே ஒரு நடுக்கத்தில் ஆட்டம் போய்விடலாம்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் மறைக்கவில்லை. 21 இல் முடியும் ராலி ஆட்டத்தில், இரண்டு புள்ளி வித்தியாசம் கேட்காவிட்டால், அதிகபட்சம் 41 ராலிதான். சேர்விஸ் முறைக்கு அப்படி ஓர் எல்லையே இல்லை. ஒரே கோர்ட், வெளியே பன்னிரண்டு சோடி, மஃரிபுக்கு முன்னர் முடிக்க வேண்டும் என்றால் ராலி முறை வைப்பதில் எமக்கு மறுப்பு இல்லை. ஆனால் காலையிலேயே அறிவியுங்கள், எல்லா மெச்சுக்கும் ஒன்றாக வையுங்கள். அந்த முறையில் இரண்டாவது ஆளும் கிடையாது, மூன்றாவது எண்ணும் கிடையாது என்பதையும் சொல்லுங்கள். அல்லது 11 க்குப் பதிலாக 7 இல் ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

நாம் எதிர்ப்பது கலப்படத்தை. தேயிலை தெரிந்த ஊருக்குக் கலப்படம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. எமது கோர்ட்டில் நடப்பது அதுதான். ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி எடுக்கிறார்கள், அதோடு இரண்டு பேரின் சேர்விஸையும் வைத்துக்கொள்கிறார்கள், இரண்டு எண்ணை மட்டும் சொல்கிறார்கள். அது பிக்கிள்போலும் இல்லை, பட்மின்டனும் இல்லை. அதில் யார் வென்றார் என்று கேட்டால் கடைசியாகப் பேசியவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கையைத் தூக்கி சேர்விஸ் போடுகிற வீரர்களுக்கு. உங்கள் பலம் எமக்குத் தெரியும். ஆனால் மேலே சொன்னதை மறுபடி நினைத்துப் பாருங்கள். சேர்விஸ் பலவீனமாக இருக்கிறது என்பதற்காகத்தான் சேர்விஸ் பக்கத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்தார்கள், இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தார்கள். நீங்கள் சேர்விஸைப் பலமாக்கிவிட்டு அந்த இரண்டு சலுகையையும் வைத்துக்கொண்டால், ஒரே ஆள் நின்ற இடத்தில் நின்று ஆறு ஏழு புள்ளி எடுக்கலாம். மற்ற மூன்று பேரும் எதற்கு வந்தார்கள்?

"இடுப்புக்கு மேலே", "இல்லை கீழே" என்கிற சண்டைக்கும் ஒரு மருந்து இருக்கிறது. அதுதான் 'ட்ரொப் சேர்விஸ்'. 2021 இல் பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்து பிறகு நிரந்தரமாக்கிய விதி அது. பந்தைக் கையிலிருந்து வெறுமனே விட வேண்டும். கீழே எறியவும் கூடாது, மேலே சுண்டவும் கூடாது. தரையில் பட்டு எழும்பிய பிறகு அடிக்க வேண்டும். இப்படிப் போட்டால் மணிக்கட்டு, இடுப்பு, வீசும் திசை ஆகிய மூன்று நிபந்தனையும் பார்க்கத் தேவையில்லை. ஏன் தெரியுமா? இந்தப் பந்து துளை போட்ட பிளாஸ்டிக். 78 அங்குல உயரத்திலிருந்து கடினமான தளத்தில் விட்டால் 30 முதல் 34 அங்குலம்தான் எழும்ப வேண்டும் என்பது அதன் அளவுகோல். அதாவது விட்ட உயரத்தில் பாதிகூட இல்லை. நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால் முழங்காலை ஒட்டித்தான் எழும்பும். அவ்வளவு தாழ்ந்த பந்தை யாரால் டெனிஸ் மாதிரி அடிக்க முடியும்? நடுவர் கண் தேவையில்லை, பந்தே நடுவர். நடுவர் இல்லாத எமது பின்னேர மெச்சுகளில் எல்லோரும் ட்ரொப் சேர்விஸ் என்று வைத்துவிட்டால் இந்த வாக்குவாதம் அன்றோடு தீரும். ஒரே ஒரு சிக்கல், தரை குண்டும் குழியுமாக இருந்தால் பந்து சாய்ந்து எழும்பும். அடிக்காதவரை கவலையில்லை, பந்தை எடுத்து மறுபடி விடலாம், அந்த 10 செக்கன் மட்டும் தாண்டக்கூடாது.

ஆகவே எமது கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த ஞாயிறிலிருந்து எந்த மெச்சாக இருந்தாலும் சேர்விஸ் போடுகிறவர் மூன்று எண்ணையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லட்டும். தமிழிலோ சிங்களத்திலோ இங்கிலீஷிலோ, நான்கு பேருக்கும் விளங்குகிற பாஷையில் சொல்லட்டும். சொல்லாமல் போட்டால் எதிர்ப்பக்கம் கையைத் தூக்கி "நம்பர்?" என்று கேட்கட்டும், அது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஞாபகம் நிற்காதவர்களுக்காக வலைக் கம்பத்தில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்றை மாட்டி வைப்போம். முதல் ஆள் போடும்போது மேலே, இரண்டாவது ஆள் போடும்போது கீழே. வெளியில் காத்திருப்பவர் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன அந்த இரண்டு பிள்ளைகளும் மறுபடி கோர்ட்டுக்கு வந்தால், பெரியவர்களே, ஒன்று செய்யுங்கள். அவர்களுக்கு முன்னால் நீங்கள் முதலில் "பூச்சியம், பூச்சியம், இரண்டு" என்று சத்தமாகச் சொல்லித் தொடங்குங்கள். பிறகு அவர்கள் சொல்லத் தயங்க மாட்டார்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னர் நானா-தம்பி, மாமா-மருமகன் மெச்சை ஒரு தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள்.